கைம்பெண்ணும் கணவன் வீடும்

பிழைப்பை நாடிக் கல்யாணிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் குடியேறியுள்ள நமது குடும்பங்களில் பலவற்றுக்கு இரண்டு வீடுகள் உண்டு. ஒன்று, உழைத்துச் சேர்த்த பணத்திலும் கடனிலும் இங்கே வாங்கிய வீடு. மற்றொன்று, சொந்த ஊரில் பெற்றோரும் உடன்பிறந்தோரும் வாழும் வீடு. குடும்பத் தலைவன் உயிரோடிருக்கும் வரையில் இரண்டையும் அவன் மனைவி தன் வீடென்றே எண்ணியிருக்கிறாள். அவன் கண்மூடிய பிறகு, பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரிக்கும் முன்பே, இரண்டு வாசல்களும் அவளுக்கு அடைபடுவதை நாம் கண்டிருக்கிறோம். "மதினி, இந்தக் காகிதத்தில் ஒரு கையெழுத்துப் போடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று கொழுந்தன் சொல்வான். அது பெரும்பாலும் விடுதலைப் பத்திரமாகவே இருக்கும்.

இத்தகைய வேளையில் உறவினர் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் குழப்பிவிடுகின்றனர். வீடு யாருக்குச் சொந்தம் என்பது ஒரு கேள்வி. வீட்டில் யார் குடியிருக்கலாம் என்பது வேறொரு கேள்வி. முன்னதற்குரிய விடையைக் காட்டிப் பின்னதில் அவளை வெளியேற்றப் பார்க்கிறார்கள். சட்டமோ இவ்விரண்டையும் தனித்தனியே வைத்திருக்கிறது. ஆகவே நாமும் தனித்தனியே ஆராய்வோம்.

முதலில் சொந்தம். ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த ஒருவர் கல்யாணில் தம் சொந்தப் பணத்தில் தம் பெயரில் ஒரு வீடு வாங்கினார். உயில் எதுவும் எழுதாமல் இறந்தார். அவருக்கு மனைவி, ஒரு மகன், ஒரு மகள், வயதான தாய், இரண்டு தம்பிமார் இருக்கின்றனர். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், தாய் ஆகிய நால்வரும் முதல் வகுப்பு வாரிசுகள். வீடு நான்கு சம பங்காகும். ஒவ்வொருவருக்கும் கால் பங்கு. தம்பிமார் இரண்டாம் வகுப்பினர். முதல் வகுப்பில் ஒருவரேனும் இருக்கும்வரை அவர்களுக்கு ஒரு செங்கல்லும் இல்லை. "அண்ணன் வீடு, ஆகவே எங்கள் வீடு" என்னும் பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை.

ஆயினும் தம்பிமார் நுழைவதற்கு இரண்டு வாயில்கள் உள்ளன. ஒன்று தாயின் கால் பங்கு. அதைத் தாய் தம் இளைய மகனுக்கு எழுதிக் கொடுத்தால் அவனும் கூட்டுச் சொந்தக்காரன் ஆகிறான். அப்போதும் அவன் பாகப்பிரிவினை கோரிச் சிவில் நீதிமன்றம் செல்லலாமே அன்றிப் பூட்டை உடைத்து அண்ணியை வெளியே நிறுத்த இயலாது. மற்றொரு வாயில் நியமனப் படிவம். திருமணத்துக்கு முன் வீடு வாங்கியவர் கூட்டுறவுக் குடியிருப்புச் சங்கத்தில் தம்பியின் பெயரை நியமனதாரராக எழுதி, மணமான பின் அதை மாற்ற மறந்துவிடுகிறார். அவர் இறந்ததும், சங்கப் பதிவேட்டில் தம் பெயர் ஏறியதைக் காட்டி வீடே தமது என்கிறார் தம்பி. அது பிழை. சங்கம் யாருடன் கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கே அந்த நியமனம் உதவும். நியமனம் பெற்றவர் வாரிசுகளுக்காகக் காத்து வைத்திருப்பவரே. சொந்தம் வாரிசுரிமைச் சட்டப்படியே போகும். இருந்தாலும் படிவத்தை உரிய காலத்தில் மாற்றியிருந்தால் அப்பெண்ணுக்குப் பல ஆண்டு அலைச்சல் மிச்சமாகும். இதை வாசிக்கும் ஆடவர் அனைவரும் இன்றே தம் படிவத்தை எடுத்துப் பார்ப்பாராக.

இனி ஊர் வீடு. அது மாமனார் தாமே சம்பாதித்து அவர் பெயரிலேயே இருப்பதாகக் கொள்வோம். அவர் உயிரோடிருக்கும்போது மருமகளுக்கு அதில் சொந்தம் ஏதுமில்லை. அவர் உயில் எழுதாமல் மறைந்தால், முன்னரே இறந்த மகனுடைய மனைவியும் மக்களும் சேர்ந்து, அந்த மகன் இருந்திருந்தால் பெற்றிருக்கக்கூடிய ஒரு பங்கைப் பெறுவர். (மூதாதையர் வழிவந்த சொத்தாயின் கணக்கு வேறுபடும், பத்திரங்களை வழக்கறிஞரிடம் காட்டுவதே முறை.) ஆக, மாமனார் இருக்கும் வரையில் "உனக்கு இங்கே சொந்தமில்லை" என்று உறவினர் சொல்வது உண்மையே. "ஆகவே நீ இங்கே இருக்கக் கூடாது" என்று அவர்கள் தொடர்ந்து சொல்வதுதான் உண்மையன்று.

இங்கேதான் இரண்டாம் கேள்வி எழுகிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம், பகிர்ந்து வாழும் இல்லத்தில் குடியிருக்கும் உரிமையைப் பெண்ணுக்கு வழங்குகிறது. அவ்வில்லத்தில் அவளுக்குச் சொந்தம் இருக்க வேண்டும் என்பதில்லை. அடித்தால்தான் வன்முறை என்பதும் இல்லை. அவள் அனுபவிக்க உரிமையுள்ள வீட்டுக்குள் வரவொட்டாமல் தடுப்பதும் பொருளாதாரக் கொடுமை என்று அச்சட்டமே கூறுகிறது. இந்து, கிறிஸ்தவர், இசுலாமியர் என்று பங்குக் கணக்கு மாறினாலும் இந்தக் குடியிருப்பு உரிமை எல்லாருக்கும் ஒன்றே.

கணவன் இறந்த பிறகும் இவ்வுரிமை நிற்குமா? அவள் அந்த வீட்டில் வாழாமலே இருந்திருந்தால் என்ன ஆகும்? இவ்வினாக்களுக்கு விடை தந்த வழக்கு நமது ஊரில் எழுந்ததன்று. வடக்கே உத்தரகண்ட் மாநிலத்தில் எழுந்தது. பிரபா தியாகி எதிர் கமலேஷ் தேவி என்பது அதன் பெயர். அந்தப் பெண்ணுக்கு 2005 ஜூன் மாதம் திருமணம் நடந்தது. ஒரு மாதம் நிறைவதற்குள், ஜூலையில், கணவர் கார் விபத்தில் மாண்டார். கணவன் வீட்டார் கொடுமையால் தாம் வெளியேற நேர்ந்ததென்று கூறி அவர் நீதிமன்றம் சென்றார். டேராடூன் மாஜிஸ்திரேட் அவருக்குச் சாதகமாக ஆணையிட்டார். 2014இல் செஷன்ஸ் நீதிமன்றம் அதைத் தள்ளியது. 2019இல் உயர் நீதிமன்றமும் தள்ளியதையே உறுதி செய்தது. இறுதியில் 2022 மே 12ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் எம். ஆர். ஷாவும் பி. வி. நாகரத்னாவும் அப்பெண்ணின் பக்கமே நியாயம் என்று தீர்த்து, மாஜிஸ்திரேட்டின் ஆணையை மீண்டும் நிலைநாட்டினர்.

அத்தீர்ப்பு சொன்னது இதுதான். பெண் மனுச் செய்யும் நாளில் அந்த வீட்டில் குடியிருந்தாக வேண்டும் என்னும் நிபந்தனை இல்லை. என்றோ ஒரு காலத்தில் அங்கே வாழ்ந்திருந்தாலும் போதும். வாழ உரிமை இருந்து வாழ முடியாமற் போயிருந்தாலும் போதும். கணவனின் மரணத்தோடு அந்த வீட்டோடு அவளுக்குள்ள உறவு அறுந்துவிடுவதில்லை. நம்மைப் போன்றோர் கவனிக்க வேண்டிய ஓர் எடுத்துக்காட்டையும் நீதிபதிகள் தந்துள்ளனர். மணமானதும் கணவனின் வேலையை முன்னிட்டு வெளிநாடு சென்றுவிட்ட பெண், மாமனார் வீட்டில் ஒரு நாளும் வாழாமலே இருந்திருக்கலாம். அவள் திரும்பி வர நேர்ந்தால் அவளை அந்த வீட்டிலிருந்து விலக்கி வைக்க மாமனார் மாமியாருக்கு உரிமை இல்லை. வெளிநாட்டுக்குச் சென்றவளுக்கு உள்ள இந்த நியாயம் கல்யாணுக்கு வந்தவளுக்கும் பொருந்தும் என்றே நாம் கொள்கிறோம். "நீ பம்பாயில் அல்லவா வாழ்ந்தாய், இங்கே உனக்கு என்ன?" என்னும் கேள்விக்கு இதுவே விடை.

வழக்கை எங்கே தொடுப்பது? ஊர் வீட்டுக்காக ஊருக்கே ஓட வேண்டியதில்லை. பெண் நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ வசிக்கும் இடத்து மாஜிஸ்திரேட்டிடமே மனுச் செய்யலாம். ஆகவே கல்யாணில் வசிப்பவள் இங்குள்ள நீதிமன்றத்திலேயே கேட்கலாம். அந்த ஆணை இந்தியா முழுவதும் செல்லும். தானே செல்லலாம், அல்லது அரசு நியமித்துள்ள பாதுகாப்பு அதிகாரி மூலம் செல்லலாம். அந்த அதிகாரியின் அறிக்கை இல்லாவிட்டாலும் மனு செல்லும் என்பதையும் மேற்படித் தீர்ப்பே தெளிவாக்கிற்று. பெண் என்ற காரணத்தாலேயே, வருமானம் எவ்வளவாயினும், சட்ட உதவிக் குழுவின் வழியே இலவசமாக வழக்கறிஞரைப் பெற அவளுக்கு உரிமையுண்டு. முதல் விசாரணையைச் சாதாரணமாக மூன்று நாட்களுக்குள் வைக்கவும், 60 நாட்களுக்குள் முடிக்க முயலவும் சட்டம் சொல்கிறது. எனினும் மேலே கண்ட பெண் தாம் பெற்ற ஆணையைக் காத்துக்கொள்ளப் பல ஆண்டுகள் போராடினார் என்பதை மறைப்பது நேர்மையாகாது. ஆகவே இறுதித் தீர்ப்புக்குக் காத்திராமல், வெளியேற்றத்தைத் தடுக்கும் இடைக்கால ஆணையை முதல் நாளிலேயே கேட்பது அறிவுடைமை.

இவ்வுரிமையின் எல்லையையும் அறிய வேண்டும். இது குடியிருக்கும் உரிமை மட்டுமே. வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ இது இடந்தராது. வயதான மாமியாரை வீட்டைவிட்டு வெளியேற்றும்படி ஆணை பெற இயலாது. எந்தப் பெண்ணையும் அவ்வாறு வெளியேற்றச் சட்டம் அனுமதிக்கவில்லை. ஒரே கூரையின் கீழ் இருவரும் வாழ முடியாத நிலையில், அதே தரத்தில் வேறொரு வீட்டையோ அதற்கான வாடகையையோ தரும்படி நீதிமன்றம் ஆணையிடலாம். முறைப்படி வழக்குத் தொடுத்து வெளியேற்ற வீட்டுக்காரருக்கும் வழி உண்டு. முறையின்றி வெளியேற்றுவதுதான் விலக்கப்பட்டது. முதியோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ச் சுருக்கமாக ஓர் ஆணை வாங்கி மருமகளைத் துரத்தும் குறுக்கு வழியையும் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், எஸ். வனிதா என்பாரின் பெங்களூர் வழக்கில், அடைத்துவிட்டது.

இனி, துக்க வீட்டில் செய்ய வேண்டியது. அடுத்த சில வாரங்களில் எந்தக் காகிதத்திலும் கையெழுத்திட வேண்டாம். வெற்று முத்திரைத்தாளில் ஒருபோதும் வேண்டாம். பதிவு செய்த விடுதலைப் பத்திரத்தை ரத்துச் செய்வது எளிதன்று. வீட்டுப் பத்திரம், சங்கத்தின் பங்குச் சான்று, மின்சாரக் கட்டண ரசீது, குடும்ப அட்டை, திருமணச் சான்று, இறப்புச் சான்று ஆகியவற்றை அவளே தன் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். காரியத்துக்காக ஊருக்குச் செல்லும்போது இங்குள்ள வீட்டின் சாவியைப் பிறரிடம் கொடுத்துச் செல்லலாகாது. உள்ளே இருப்பவளை வெளியேற்றுவதைவிட வெளியே சென்றவளை உள்ளே விடாதிருப்பது உறவினருக்கு மிகவும் எளிது.

துக்கம் கேட்கச் செல்லும் நம் சங்கத்து அன்பர்களும் ஒன்று செய்யலாம். கொழுந்தன் காகிதத்தை நீட்டும்போது, "ஒரு மாதம் போகட்டும், தம்பி, வக்கீல் ஒருவர் படித்துப் பார்க்கட்டும்" என்று மூத்தவர் ஒருவர் எல்லார் முன்னிலையிலும் சொன்னால், அந்தக் கையெழுத்து அன்றைக்கு நின்றுவிடும்.