எங்கே வெட்டியிருக்கிறார்கள்?

டிசைன் படிப்பில் சேர்ந்தவருக்கு முதல் சில வகுப்புகளிலேயே ஒரு தாள் கைக்கு வரும். அதில் ஒரே கட்டடத்துக்கு மூன்று படங்கள் இருக்கும்: பிளான், செக்‌ஷன், எலிவேஷன். வீட்டு வரைபடத்தையே பார்த்திராத ஒருவர், பிளான் என்றால் மேலேயிருந்து பார்ப்பது, எலிவேஷன் என்றால் முன்னாலிருந்து பார்ப்பது என்று ஊகித்துவிடுவார். செக்‌ஷனில்தான் தடுமாறுவார். உண்மையில் அவருடைய குழப்பம் பிளானிலேயே தொடங்கிவிடுகிறது. மேலேயிருந்து பார்த்தால் மொட்டைமாடிதானே தெரியும், அறையும் கதவும் எப்படித் தெரிகின்றன?

பிளானும் ஒரு வெட்டுதான். தரையிலிருந்து ஏறக்குறைய 1200 மில்லிமீட்டர் உயரத்தில், அதாவது நான்கடி உயரத்தில், கட்டடத்தைக் கிடைமட்டமாக அறுத்து, மேல்பாதியை எடுத்து வைத்துவிட்டுக் கீழே பார்ப்பதாக வைத்துக்கொண்டு வரைவது அது. செக்‌ஷன் அதே வேலையை நெட்டுவாக்கில் செய்கிறது. எலுமிச்சம்பழத்தைக் குறுக்கே நறுக்கினால் சுளைகள் சக்கரம்போலத் தெரிகின்றன, நெட்டாக நறுக்கினால் அந்தச் சக்கரம் இல்லை, பழம் ஒன்றே. மூன்றில் எலிவேஷன் மட்டும்தான் எதையும் வெட்டாமல் வெளிச்சுவரை நேருக்கு நேர் பார்த்து வரைந்தது. ஆகவே எந்தப் படத்தைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியவை இரண்டு கேள்விகள்: வெட்டு எங்கே விழுந்திருக்கிறது? கண் எந்தத் திசையில் பார்க்கிறது?

வெட்டு விழுந்த இடத்தைக் கோட்டின் தடிமனே சொல்லிவிடும். அறுபட்ட சுவர் தடித்த கோட்டில் இருக்கும், அல்லது உள்ளே கறுப்பாக நிரப்பியிருப்பார்கள். வெட்டுக்கு அப்பால் தெரிபவை, உதாரணமாகத் தரை ஓடும் மேசையும், மெல்லிய கோட்டில் இருக்கும். பிளானில் விட்டுவிட்டு வரும் புள்ளிக்கோடு பெரும்பாலும் தலைக்கு மேலே இருப்பதைக் குறிக்கும்: லாஃப்ட், சன்ஷேட், பீம். மேல்பாதியை எடுத்துவிட்டதால் அவை கண்ணில் படாது. ஆனாலும் அங்கே இருக்கின்றன என்பதற்கு அந்தக் கோடு.

ஓர் அறையை வைத்துப் பார்ப்போம். உள்ளளவு கிழக்கு மேற்காக 3600, வடக்கு தெற்காக 3000. சுவர் 230. அலகு எழுதாமல் எண்ணை மட்டும் போட்டிருந்தால் பொதுவாக மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்ளலாம். தெற்குச் சுவரில் கதவு. கிழக்குச் சுவரின் வடக்கு ஓரமாக, 1200 அகலமும் 1350 உயரமும் உள்ள ஜன்னல். அதற்கு நேர் எதிரே மேற்குச் சுவரில், தரையிலிருந்து 2250 உயரத்தில் ஒரு வென்டிலேட்டர்.

பிளானில் தெற்குச் சுவர் ஓரிடத்தில் விட்டுப்போய், அங்கிருந்து கால்வட்டக் கோடு ஒன்று அறைக்குள் வளைந்து போகும். அதுதான் கதவு, எந்தப் பக்கம் திறக்கிறது, எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதை அந்த வளைவு சொல்கிறது. ஜன்னலின் அடிமட்டம் தரையிலிருந்து 750, மேல்மட்டம் 2100. நான்கடி வெட்டு இந்த இரண்டுக்கும் நடுவே போவதால் ஜன்னல் அறுபடுகிறது. தடித்த சுவருக்கு நடுவே மெல்லிய கோடுகளாகத் தெரிகிறது. வென்டிலேட்டரோ வெட்டுக்கு வெகு மேலே இருக்கிறது. எனவே மேற்குச் சுவர் அங்கே முழுச் சுவராகவே நிற்கும், அதன்மேல் புள்ளிக்கோடு மட்டும் போட்டிருப்பார்கள். இதைக் கவனிக்காதவர் மேற்கே காற்று வர வழியே இல்லை என்று நினைத்துவிடுவார்.

இனி செக்‌ஷன். பிளானின் குறுக்கே, ஜன்னல் வழியாகவும் வென்டிலேட்டர் வழியாகவும் ஒரு கோடு ஓடும். அதன் இரு முனையிலும் A என்ற எழுத்தும் ஓர் அம்புக்குறியும் இருக்கும். கோடு வெட்டும் இடத்தைச் சொல்கிறது, அம்பு கண் பார்க்கும் திசையைச் சொல்கிறது. அம்பு வடக்கே காட்டினால் செக்‌ஷனில் வலப்பக்கம் ஜன்னல், இடப்பக்கம் வென்டிலேட்டர், பின்னால் வடக்குச் சுவர். கதவு எங்கே என்று தேடினால் கிடைக்காது. அது நம் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. அம்பைத் தெற்கே திருப்பினால் கதவு தெரியும், ஜன்னல் இடப்பக்கம் வந்துவிடும். புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். கோட்டைப் பார்த்துவிட்டு அம்பைப் பார்க்காமல் விட்டால், அறை முழுவதும் இடவலம் மாறி மனத்தில் பதியும்.

இதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. அம்பு உங்களை விட்டு எதிர்ப்பக்கம் போகும்படி பிளான் தாளைக் கையில் திருப்பிக்கொள்ளுங்கள். இப்போது பிளானின் இடமும் வலமும் செக்‌ஷனின் இடமும் வலமும் ஒன்றாகிவிடும். எலிவேஷனுக்கும் இதேதான். கிழக்கு எலிவேஷன் என்றால் கிழக்கு நோக்கியிருக்கும் சுவர். அதைப் பார்க்க நாம் கிழக்கே போய் மேற்கு நோக்கி நிற்க வேண்டும். பிளானின் கிழக்குச் சுவர் உங்கள் பக்கம் வரும்படி தாளைத் திருப்பினால், வடக்கு ஓரத்து ஜன்னல் வலப்பக்கம் வந்து நிற்பது தெரியும். எலிவேஷனிலும் அது அங்கேதான் இருக்க வேண்டும்.

எலிவேஷனில் ஜன்னலின் அகலம் 1200, உயரம் 1350 இரண்டும் சேர்ந்தே கிடைக்கும். ஆனால் அதன் அடிமட்டத்தை அளந்தால் 750 வராது, 1200 வரும். படம் தப்பில்லை. பேஸ்மென்ட் 450 உயர்ந்திருக்கிறது. செக்‌ஷனில் 750 என்பது அறையின் தரையிலிருந்து எடுத்த அளவு, எலிவேஷனில் நாம் அளந்தது வெளியே மண் மட்டத்திலிருந்து. ஜன்னலுக்கு மேலே உள்ள சன்ஷேட் எலிவேஷனில் ஒரு மெல்லிய பட்டையாகத்தான் இருக்கும். அது சுவரைவிட்டு 600 வெளியே நீட்டியிருக்கிறதா, 300தானா என்பதை அந்தப் படம் சொல்லவே சொல்லாது. செக்‌ஷனைப் பார்த்தால்தான் தெரியும்.

இந்த முன்பின் ஆழம் தெரியும்படி, கண்ணுக்குப் படுவதுபோலவே வரைந்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். இத்தாலிய ஓவியர் ராஃபேல் 1519ஆம் ஆண்டு வாக்கில் போப் பத்தாம் லியோவுக்கு எழுதிய கடிதத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. தூரம் போகப்போகச் சிறுத்துவரும் கோட்டிலிருந்து கட்டுவதற்கான சரியான அளவை எடுக்க முடியாது. அந்த முறை ஓவியருக்கு உரியது, கட்டடக் கலைஞருக்குத் தரை, வெளிப்புறம், உட்புறம் என மூன்று படங்கள் வேண்டும் என்பது அவர் வாதம். எலிவேஷனில் பக்கத்தில் இருக்கும் தூணும் தள்ளியிருக்கும் தூணும் ஒரே அளவில் இருப்பதற்கும் இதுவே காரணம்.

அளவு என்றதும் ஸ்கேல் நினைவுக்கு வரும். 1:50 என்றால் தாளில் 1 மில்லிமீட்டர், கட்டடத்தில் 50. நம் அறையின் 3600, தாளில் 72 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். வகுப்பில் தருவது பெரும்பாலும் நகல் என்பதால், A3 தாளில் வரைந்ததை A4 தாளில் சுருக்கி எடுத்திருப்பார்கள். அப்போது அதே சுவர் சுமார் 51 மில்லிமீட்டராகிவிடும்; தலைப்பில் மட்டும் 1:50 என்றே இருக்கும். அதை நம்பி ஸ்கேல் வைத்து அளந்தால் அறை 2550தான் என்று வரும். அதனால், அளக்கத் தொடங்குமுன் எண் எழுதியுள்ள ஏதாவதொரு நீளத்தை அளந்து பாருங்கள். பொருந்தவில்லையென்றால், எழுதியிருக்கும் எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். படத்தின் ஓரத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக அளவுப்பட்டை வரைந்திருந்தால் கவலையில்லை. தாள் சுருங்கும்போது அதுவும் கூடவே சுருங்கியிருக்கும், அதை வைத்தே அளந்துகொள்ளலாம்.