தொண்ணூறு நாளும் ஒரு சின்னக் கட்டமும்

நௌக்ரி போன்ற வேலைவாய்ப்புத் தளங்களில் 'நோட்டீஸ் பீரியட்' என்று ஒரு கட்டம் இருக்கும். 15 நாள் அல்லது அதற்குள், ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம் என்று வரிசையாகப் போய், 'சர்விங் நோட்டீஸ் பீரியட்' என்ற தனித் தேர்வும் அதில் உண்டு. ஆள் தேடும் ஹெச்.ஆர். பலரும் அனுபவம், ஊர், சம்பளத்தோடு இந்தக் கட்டத்தையும் வைத்தே பெயர்களைச் சலித்தெடுக்கிறார்கள். மூன்று மாதம் என்று உண்மையைச் சொன்னவர் அந்தச் சல்லடையில் விழாமலே போகலாம். அதனால்தான் தொண்ணூறு நாள் ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு '15 நாள்' என்பதன் மேல் கை போகிறது.

போனால் என்ன ஆகும்? மூன்று சுற்று இன்டர்வியூ முடிந்து, சம்பளப் பேச்சும் முடிந்த பிறகு, "ராஜினாமாவை ஏற்றுக்கொண்ட மெயிலை அனுப்புங்கள்" என்று கேட்பார்கள். அந்த மெயிலில் கடைசி வேலை நாள் இருக்கும். இன்னும் ராஜினாமாவே செய்யாதவர் 'சர்விங்' என்று போட்டிருந்தாலும் அங்கேயே வெளுத்துவிடும். அவருடைய திறமையில் யாருக்கும் சந்தேகம் வராது. சொன்ன மற்றதெல்லாம் உண்மைதானா என்ற சந்தேகம் வந்துவிடும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சோழிங்கநல்லூரில் ஒரு ஐ.டி. நிறுவனத்தில் வேலை செய்யும் பெண் ஒருவருக்கு நியமனக் கடிதப்படி நோட்டீஸ் 90 நாள் என்று வைத்துக்கொள்வோம். அவர் மார்ச் 12-ஆம் தேதி ராஜினாமா கொடுக்கிறார். அன்றைய தினத்தையும் சேர்த்து எண்ணினால் ஜூன் 9, மறுநாளிலிருந்து எண்ணினால் ஜூன் 10 கடைசி நாள். மேலாளர் ஒரு வாரம் கழித்துத்தான் ஏற்றுக்கொள்கிறார், அந்த நிறுவனமோ ஏற்றுக்கொண்ட தேதியிலிருந்துதான் எண்ணும் என்றால் கடைசி நாள் இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போகும். இடையில் எடுக்கும் லீவுக்கு ஏற்ப நோட்டீஸை நீட்டிக்கும் நிறுவனங்களும் உண்டு. 'ஜூன் 10-ல் சேர்கிறேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு தவிக்க வேண்டியதில்லை. ஜூன் 17-ஐ ஒட்டிய தேதியைச் சொல்வது பாதுகாப்பு.

சீக்கிரம் கிளம்ப 'பை-அவுட்' இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. நியமனக் கடிதத்தில் அந்த ஒரு வரியை நிதானமாகப் படிக்க வேண்டும். 'நோட்டீஸ் அல்லது அதற்கு ஈடான சம்பளம்' என்றிருந்தால் ஊழியருக்குக் கொஞ்சம் பிடி உண்டு. 'நிறுவனத்தின் விருப்பப்படி' என்ற சொற்கள் ஒட்டிக்கொண்டிருந்தால், பணத்தை நீட்டினாலும் மேலாளர் தலையாட்டினால்தான் விடுதலை. அந்த ஈடு அடிப்படைச் சம்பளமா, மொத்தச் சம்பளமா என்பதையும் பார்க்க வேண்டும். நம் கணக்கில் உள்ள பெண்ணுக்கு அடிப்படை 30,000 ரூபாய், மொத்தம் 60,000 ரூபாய் என்றால், முப்பது நாளைக் குறைக்க அவர் கொடுக்க வேண்டியது 30,000 ரூபாயாகவும் இருக்கலாம், 60,000 ரூபாயாகவும் இருக்கலாம். புதிய நிறுவனம் அதைத் தருவதாகச் சொன்னால் ஆஃபர் லெட்டரிலேயே எழுதி வாங்குவது நல்லது. வாய்வார்த்தை சம்பளச் சீட்டில் ஏறாது.

அப்படியானால் கட்டத்தில் என்ன போடுவது? ஒப்பந்தத்தில் இருப்பதையே. விளக்கம் எழுத இடம் இருந்தால் அதில் பேரத்துக்கு வழிவிடலாம்: "நோட்டீஸ் 90 நாள், மேலாளர் ஒப்புதலும் பை-அவுட்டும் கிடைத்தால் 60 நாளில் சேர முடியும்." 'நெகோஷியபிள்' என்ற ஒற்றைச் சொல்லைவிட இந்த வாக்கியம் ஹெச்.ஆருக்கு அதிகம் சொல்கிறது. ஆனால் முன்பு அதே நிறுவனத்திலிருந்து சீக்கிரம் விடுவிக்கப்பட்டவர்கள் உண்டா என்று உள்ளே விசாரித்துக்கொண்ட பிறகுதான் அந்த 60-ஐ எழுத வேண்டும்.

ரெஸ்யூமேயில் தேதி போடுவது இன்னொரு வகை வம்பு. 'ஜூன் 17 முதல் சேரலாம்' என்று ஏப்ரலில் அச்சிட்ட தாள் ஆகஸ்டிலும் சுற்றிக்கொண்டிருக்கும். இன்னும் ராஜினாமா செய்யாதவர் 'ஆஃபர் கிடைத்த நாளிலிருந்து 90 நாள்' என்று எழுதினால் அது பழசாகாது. ராஜினாமா கொடுத்துவிட்டவருக்குத்தான் தேதி பயன்படும். அவர் கடைசி வேலை நாளைத் துணிந்து எழுதலாம், அவர் பக்கம் அதற்கு மெயில் இருக்கிறது.

கடைசி நாளுக்கும் சேரும் நாளுக்கும் இடையில் நாலைந்து நாள் விடுவதற்கு ஓய்வு மட்டும் காரணமல்ல. ரிலீவிங் லெட்டர் பல இடங்களில் கணக்குத் தீர்ந்த பிறகே கைக்கு வரும். பி.எஃப். கணக்கில் பழைய நிறுவனம் விலகிய தேதியையும் புதிய நிறுவனம் சேர்ந்த தேதியையும் பதிவு செய்யும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால், ஒரே சமயத்தில் இரண்டு இடத்தில் வேலை பார்த்தது போல அந்தப் பதிவு காட்டும். பின்னணிச் சரிபார்ப்பில் அதற்கும் ஒரு விளக்கக் கடிதம் கேட்பார்கள்.