கையில் முத்திரை, வாசலில் நியாயம்

சபா கச்சேரிக்குத் தாமதமாகப் போனால் கதவருகே நிறுத்துவார்கள். பாட்டு முடிந்து கைதட்டல் எழுந்ததும் உள்ளே விடுவார்கள். அதில் யாருக்கும் நஷ்டமில்லை. வெளியே போய்த் திரும்புவதுதான் சிக்கல்.

க்யூஆர் கோடை ஒருமுறை ஸ்கேன் செய்ததும் டிக்கெட் பயன்படுத்தப்பட்டதாகப் பதிவாகிவிடும். மறுபடி ஏற்றுக்கொண்டால், அதன் ஸ்கிரீன்ஷாட்டை வைத்து இன்னொருவரும் நுழைந்துவிடலாம். அதனால்தான் வெளியேறும்போது கையில் முத்திரை குத்துகிறார்கள்.

மை காய்வதற்குள் நண்பரின் கையோடு கையை அழுத்தினால் முத்திரை அங்கேயும் படியும். ஆனால் எழுத்துகள் இடவலம் மாறியிருக்கும். எனவே நட்சத்திரம், வட்டத்தைவிட எழுத்துள்ள முத்திரையே நல்லது. புறங்கையில் குத்தினால் கை கழுவும்போது அழியும். மணிக்கட்டுக்கு மேலே குத்துவது உத்தமம்.

நாள் முழுக்க நடக்கும் திறந்தவெளி நிகழ்ச்சிக்குக் கைப்பட்டைதான் சரி. அதன் பசைப்பகுதியில் சிறு வெட்டுகள் இருக்கும், பிரித்தால் கிழிந்துவிடும். ஊழியரே ஒட்ட வேண்டும். ஒரு விரல் நுழையும் இடைவெளி போதும். தளர்வாக ஒட்டினால் கழற்றி அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம்.

மறுநுழைவே கிடையாது என்ற இடத்திலும் சிலருக்கு விலக்கு தேவை. குழந்தை அழுகிறது, சர்க்கரை நோயாளிக்கு உணவோ இன்சுலினோ வேண்டும். இவர்களை வாசலில் வாதாட வைப்பது கொடுமை. வெளியேறும்போதே டிக்கெட் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டால் போதும். அமைப்பாளர்களே, இந்த விதிகளையும் விலக்குகளையும் டிக்கெட் விற்கும்போதே சொல்லிவிடுங்கள்.