பேஸ்மட்டத்தை எங்கிருந்து அளப்பது?

நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருப்பவர் தரையை உயர்த்திக் கட்ட முடியாது, வீடு நிறுவனத்துடையது. ஓய்வு பெற்றபின் வடலூர், குறிஞ்சிப்பாடிப் பக்கம் மனை வாங்குகிறவர்களுக்குத்தான் இந்தக் கவலை. அங்கே பரவனாற்றை ஒட்டிய பள்ளங்களில் மழைநீரோடு சுரங்கத்திலிருந்து இறைத்துவிடும் நீரும் சேர்கிறது. 2015 நவம்பர் வெள்ளத்தைக் கடலூர் மாவட்டத்தார் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

பேஸ்மட்டம் தரையிலிருந்து குறைந்தது 45 செ.மீ. இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. பள்ளத்துக்கு அது காணாது. பக்கத்துப் பழைய வீட்டுச் சுவரில் 2015 தண்ணீர் எதுவரை நின்றது என்று கேளுங்கள். அந்த மட்டத்தை டியூப் வைத்து உங்கள் மனைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். மனைத் தரைக்கு மேல் 75 செ.மீ. வந்தால், அதோடு 30 சேர்த்து 105 செ.மீ., அதாவது மூன்றரை அடி. வாசலுக்கு ஏழு படி ஆகும். முதியவர் இருந்தால் சிரமம்தான். சாய்தளம் போட 12 மீட்டருக்கு மேல் நீளம் வேண்டும், சிறிய மனையில் அதற்கு இடம் இராது.

900 சதுர அடிக்கு மூன்றரை அடி நிரப்ப, இறுகுவதையும் கணக்கிட்டால், சுமார் 40 யூனிட் கிராவல் பிடிக்கும். களிமண் வேண்டாம். அரையடிக்கு ஒரு அடுக்காகக் கொட்டித் தண்ணீர் விட்டுத் திமிசு போட வேண்டும். ஒரே மூச்சில் கொட்டினால் முதல் மழைக்காலத்திலேயே தெரிந்துவிடும்: சுவரோரம் டைல்ஸ் இறங்கி இடைவெளி விழும், தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும். ஈரமண் வெளிப்பக்கம் தள்ளும் என்பதால் பேஸ்மட்டச் சுவர் கனமாக இருக்க வேண்டும். மேலே பிளிந்த் பீமும் அவசியம்.

அறைகளில் முதலில் கவனிக்க வேண்டியது கழிப்பறை. வெள்ளம் செப்டிக் டேங்குக்குள் புகுந்தால் குழாய்க்குள்ளும் அதே மட்டம் ஏறும். வீட்டின் மிகத் தாழ்ந்த பீங்கான் வழியாகத்தான் வெளியே வரும். மாடிப்படிக்கு அடியில் தரைமட்டத்தில் கழிப்பறை கட்டுவது அதனால்தான் ஆகாது. மீட்டர், மோட்டார் சுவிட்ச் எல்லாம் வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். மாடிப்படி வீட்டுக்குள்ளிருந்தே ஏறட்டும்.

உயர்த்துவது வீட்டை மட்டும். மனை முழுவதையும் அல்ல. மேட்டு நிலத்து நீர் இயல்பாகத் தாழ்நிலத்துக்கு ஓடிவரும் உரிமையை 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் காக்கிறது. அதை அடைத்தால் பக்கத்து வீட்டார் நீதிமன்றம் போகலாம். மனையில் ஓடை குறுக்கிடுகிறதா என்பதைப் பத்திரம் பதியுமுன் புலப்படத்தில் பார்த்துவிடுங்கள்.

சாலை உயர்ந்து வீடு பள்ளமாவதைத் தடுக்க உங்களுக்கும் வழி உண்டு. பழைய தாரைச் சுரண்டி எடுத்தபிறகே சாலை போட வேண்டும், வீடுகள் பள்ளமாகக் கூடாது என்று 2021இல் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். சுரண்டாமல் தார் ஊற்ற வந்தால் அன்றே படம் எடுத்து, திங்கட்கிழமை ஆட்சியர் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.