ஆயில் விளக்கும் வட்டக் கண்ணாடியும்

ஸ்கூட்டரின் மீட்டரில் ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கு இருந்தால், அது எரியாதவரை ஆயில் போதுமான அளவு இருக்கிறது என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் அந்த விளக்கு பார்ப்பது ஆயிலின் அழுத்தத்தை. சாவியைத் திருப்பியதும் எரிந்து, இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். ஆயில் பாதியாகக் குறைந்தாலும், பம்ப் உறிஞ்சக் கிடைக்கிறவரை அழுத்தம் இருக்கும், விளக்கும் எரியாது. ஓட்டும்போது எரிந்தால் உடனே ஓரம்கட்டி இன்ஜினை நிறுத்திவிட வேண்டும். சில வண்டிகளில் வருவது ஆயில் மாற்றச் சொல்லும் நினைவூட்டல் விளக்கு. அது ஓடிய கிலோமீட்டரைக் கணக்கிட்டு எரிவதால், ஆயில் எவ்வளவு மீதி என்று அதற்குத் தெரியாது.

அளவைப் பார்க்க டிப்ஸ்டிக் வேண்டும். சில வண்டிகளில் அதற்குப் பதில் இன்ஜினின் பக்கவாட்டில் சின்ன வட்டக் கண்ணாடி இருக்கும். பக்கத்தில் மேல்கோடு, கீழ்கோடு என இரண்டு குறிகள். ஆயில் இரண்டுக்கும் நடுவே நிற்க வேண்டும்.

இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். மேலே ஏறிய ஆயில் வடிந்து அடிக்கு வர இரண்டு மூன்று நிமிடம் ஆகும். சமதரையில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, குனிந்து கண்ணாடிக்கு நேராகப் பாருங்கள். காத்திருக்கும் நேரம் வண்டிக்கு வண்டி மாறும். கையேட்டில் இருப்பதே கணக்கு.

சைட் ஸ்டாண்டில் பார்த்தால் என்ன ஆகும்? வண்டி இடப்பக்கம் சாயும். ஆயிலும் அந்தப் பக்கம் ஒதுங்கும். கண்ணாடி வலப்பக்கம் இருந்தால் ஆயில் குறைந்ததுபோலத் தெரியும். அதை நம்பி கால் லிட்டர் ஊற்றினால், சுமார் முக்கால் லிட்டரே பிடிக்கும் சிறிய ஸ்கூட்டர் இன்ஜினுக்கு அது ரொம்ப அதிகம். மிஞ்சிய ஆயில் பிரீதர் குழாய் வழியே ஏர் ஃபில்டருக்குப் போய் அதை நனைக்கும். சைலன்சரில் புகையும் வரலாம். கண்ணாடி இடப்பக்கம் இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: ஆயில் குறைந்திருந்தாலும் நிறைவாகக் காட்டும்.

கண்ணாடியில் கோடே தெரியவில்லையா? அது முழுக்க நிறைந்திருக்கலாம், அல்லது காலியாகவே இருக்கலாம். பழுப்புக் கறையும் நிறைந்ததுபோல ஏமாற்றும். ஒருவர் வண்டியை ஸ்டாண்டிலேயே லேசாக இருபுறமும் அசைக்க, இன்னொருவர் பார்க்கட்டும். கண்ணாடிப் பக்கம் சாய்த்தால்தான் ஆயில் எட்டிப்பார்க்கிறது என்றால், குறைவு. எதிர்ப்பக்கம் சாய்த்தால்தான் கோடு இறங்கி வருகிறது என்றால், மிகுதி.

குறைந்திருந்தால் கையேடு சொல்லும் கிரேடு ஆயிலையே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, சில நிமிடம் பொறுத்து மறுபடி பாருங்கள். மேல்கோட்டைத் தாண்டவிட்டால், வடித்து எடுப்பது இருமடங்கு வேலை.