தண்ணீர் எப்போது கொதிக்கும்?

தண்ணீரின் நிலை வரைபடத்தில் கிடையாக வெப்பநிலையும் செங்குத்தாக அழுத்தமும் குறிக்கப்படுகின்றன. பனிக்கட்டி, நீர், நீராவி ஆகியவற்றின் பகுதிகளை மூன்று கோடுகள் பிரிக்கின்றன. கோட்டின் மேல் மட்டும் அதன் இருபுறத்து நிலைகளும் சேர்ந்து நிலைத்திருக்கும். மூன்று கோடுகளும் கூடும் இடம் மும்மைப் புள்ளி. அங்கே வெப்பநிலை 0.01 டிகிரி செல்சியஸ், அழுத்தம் ஏறக்குறைய 612 பாஸ்கல். கடல்மட்டக் காற்றழுத்தத்தில் இது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 1954 முதல் 2019 வரை கெல்வின் அலகை வரையறுக்க இந்தப் புள்ளியே பயன்பட்டது. இதைவிட அழுத்தம் குறைந்தால் பனிக்கட்டி உருகாமல் நேரே ஆவியாகிவிடும்.

அன்றாடம் நமக்குப் பயன்படுவது நீரையும் ஆவியையும் பிரிக்கும் கோடு. நீருக்குள் தோன்றும் ஆவிக்குமிழியை வெளிக்காற்றின் அழுத்தம் நசுக்கப் பார்க்கிறது. குமிழிக்குள் இருக்கும் ஆவியின் அழுத்தம் அதற்கு ஈடாகும்போதுதான் குமிழி பிழைத்து மேலெழும். அதுதான் கொதித்தல். கடல்மட்டத்தில் இந்தச் சமநிலை 100 டிகிரியில் வருகிறது. சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் காற்றழுத்தம் ஏறத்தாழ முக்கால் பங்காகிவிடுவதால், 92 அல்லது 93 டிகிரியிலேயே நீர் கொதித்துவிடுகிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக வெகுநேரம் ஆகும். அடுப்பை எவ்வளவு தூண்டினாலும் பயனில்லை. நீர் வேகமாக வற்றுமே தவிர, மேலும் சூடாகாது. குக்கரில் உள்ளழுத்தம் கடல்மட்டக் காற்றழுத்தத்தைப்போல் இரு மடங்கானால் கொதிநிலை 120 டிகிரியைத் தொடும்.

கூடுதல் தீ எங்கே போகிறது? நீர் மூலக்கூறுகளைப் பிணைப்பிலிருந்து விடுவிக்க அது செலவாகிறது. இதுவே உள்ளுறை வெப்பம். ஒரு கிலோ நீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய 420 கிலோஜூல் போதும். அதை முழுக்க ஆவியாக்கவோ மேலும் 2,257 கிலோஜூல் தேவை. ஆவி தோலில் பட்டு நீராகும்போது அத்தனை வெப்பத்தையும் அங்கேயே இறக்கிவிடுகிறது. கொதிநீரைவிட ஆவிச்சூடு கொடியதாக இருப்பது இதனால்தான்.

கோட்டின் சாய்வை நிர்ணயிப்பவை இரண்டு: உள்ளுறை வெப்பம், நிலை மாறும்போது ஏற்படும் பரும மாற்றம். நீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கும் மேல் விரிகிறது. எனவே சிறிய அழுத்த மாற்றமும் கொதிநிலையை நகர்த்திவிடும். பனிக்கட்டி உருகும்போது பருமம் சுமார் 8 சதவீதம் சுருங்குவதோடு சரி. அதனால் உருகுநிலைக் கோடு ஏறக்குறைய செங்குத்தாக நின்று, சற்றே இடப்பக்கம் சாய்கிறது. உருகுநிலையை ஒரு டிகிரி குறைக்க, காற்றழுத்தத்தைப்போல் 130 மடங்கு அழுத்தம் வேண்டும்.

கொதிநிலைக் கோடு முடிவின்றி நீள்வதில்லை. மேலே செல்லச் செல்ல ஆவி அடர்கிறது, நீர் விரிந்து அடர்த்தி குறைகிறது, உள்ளுறை வெப்பமும் தேய்கிறது. 374 டிகிரியில், சுமார் 218 மடங்கு காற்றழுத்தத்தில், அது பூச்சியமாகிவிடும். அதற்கு அப்பால் நீர், ஆவி என்ற பிரிவே கிடையாது, கொதித்தலும் இல்லை.