சிறு உள்மூலத்திற்கு அகச்சிவப்புக் கதிர், ஊசி சிகிச்சைகள்

அகச்சிவப்புக் கதிரால் சுடுதல், ஸ்கிளிரோதெரபி எனப்படும் ஊசி சிகிச்சை ஆகிய இரண்டும் சிறிய உள்மூலத்திற்குப் பொது மயக்க மருந்தின்றி, வெளிநோயாளியாகவே அளிக்கப்படும் சிகிச்சைகள் ஆகும்.

யாருக்குப் பொருந்தும்?

உள்மூலம் நான்கு நிலைகளாகப் பிரிக்கப்படுகிறது. முதல் நிலையில் இரத்தம் மட்டும் கசியும். இரண்டாம் நிலையில் முக்கும்போது மூலம் வெளியே வந்து தானே உள்ளே சென்றுவிடும். மூன்றாம் நிலையில் அதைக் கையால் உள்ளே தள்ள வேண்டும். நான்காம் நிலையில் அது வெளியிலேயே நிற்கும். இந்த இரு சிகிச்சைகளும் முதல் நிலைக்கும், இரண்டாம் நிலையில் உள்ள சிறிய மூலத்திற்கும் உரியவை.

ஆசனவாயினுள் தோலும் உட்சவ்வும் சேரும் கோட்டுக்கு மேலே, வெட்டும் வலியையோ சுடும் வலியையோ உணரும் நரம்புகள் இல்லை. உள்மூலம் இக்கோட்டுக்கு மேலே இருப்பதால் மயக்க மருந்து தேவைப்படுவதில்லை. வெளிமூலத்திற்கு இம்முறைகள் பொருந்தாததற்கும் இதுவே காரணம்.

செய்முறை

ஊசி சிகிச்சையில், பாதாம் எண்ணெயில் 5% பீனால் கலந்த மருந்து 3 முதல் 5 மி.லி. வரை மூலத்தின் அடிப்பகுதியில், சவ்வுக்குக் கீழே செலுத்தப்படுகிறது. அங்கு தழும்பு உண்டாகி, இரத்த ஓட்டம் குறைந்து, மூலம் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. மருந்து சரியான ஆழத்தில் இறங்கினால் சவ்வு வெளுத்து உப்பும். நோயாளிக்கு வலித்தால் ஊசி தவறான இடத்தில் உள்ளது என்று பொருள். உடனே நிறுத்த வேண்டும். ஆண்களுக்கு முன்பக்கம் ஆழமாகக் குத்திவிட்டால் புராஸ்டேட் சுரப்பி பாதிக்கப்பட்டுச் சிறுநீரில் இரத்தம் வரலாம். பாதாம் ஒவ்வாமை உள்ளவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அகச்சிவப்பு முறையில், ஒரு விளக்கிலிருந்து வரும் கதிர் ஒவ்வொரு மூலத்தின் மேற்பகுதியிலும் மூன்று, நான்கு இடங்களில் சுமார் 1 முதல் 1.5 விநாடி வரை பாய்ச்சப்படுகிறது. வெப்பம் சில மில்லிமீட்டர் ஆழமே இறங்கும். சுட்ட இடம் வெளுத்து, பின் தழும்பாகிறது. இது லேசர் சிகிச்சை அன்று.

ரப்பர் வளையத்துடன் ஒப்பீடு

நாகபுரியைச் சேர்ந்த மருத்துவர் பி. ஜே. குப்தா, இரத்தம் கசியும் இரண்டாம் நிலை மூலம் கொண்ட 100 பேரிடம் நடத்திய ஆய்வு 2003-இல் வெளியானது. 54 பேருக்கு ரப்பர் வளையமும் 46 பேருக்கு அகச்சிவப்பு சிகிச்சையும் அளிக்கப்பட்டன. அகச்சிவப்புப் பிரிவினருக்கு வலி குறைவு. அவர்கள் 2 நாளில் வேலைக்குத் திரும்பினர், வளையமிட்டவர்களுக்கு 4 நாள் ஆயிற்று. ஆனால் சிகிச்சை பலனளிக்காமல் போவதும் மூலம் மீண்டும் வருவதும் அகச்சிவப்புப் பிரிவிலேயே அதிகம். அதாவது, குறைந்த வலிக்கு ஈடாக, சிகிச்சையை மீண்டும் செய்துகொள்ள நேரலாம்.

வளையம் இட்ட மூலம் சில நாட்களில் உதிர்ந்து விழும்போது இரத்தம் பெருகக்கூடும். எனவே இரத்தம் உறையாமைக்கான மாத்திரை உண்பவர்களுக்கு வளையத்தைத் தவிர்த்து ஊசியைத் தேர்வதுண்டு.

அறுவை சிகிச்சை

மூலம் மீண்டும் வருவது அறுவை சிகிச்சையில்தான் மிகக் குறைவு. ஆனால் வலி வாரக்கணக்கில் நீடிக்கும். ஆகவே பெரிய மூன்றாம் நிலைக்கும் நான்காம் நிலைக்கும் மற்ற முறைகள் பலிக்காதபோதும் இது செய்யப்படுகிறது.

எச்சரிக்கை

எந்த முறைக்குப் பின்னரும் காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி, சிறுநீர் கழிக்க முடியாமை ஆகியவை தோன்றினால் அது கடும் தொற்றாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மலத்தில் இரத்தம் வருவது குடல் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கக்கூடும் என்பதால், மூலம்தான் காரணம் என்று பரிசோதித்து உறுதி செய்த பின்னரே சிகிச்சையைத் தொடங்க வேண்டும்.